எதிராளியின் தாங்கியில் என்ன இருக்கிறது?



விடுமுறை மாலைகளில் பிள்ளைகளோடு அமர்ந்து ஸ்கிராபிள் விளையாடும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. ஆட்டம் முடியும் தறுவாயில், எதிரில் இருப்பவருடைய தாங்கியைப் பாராமலே அதிலுள்ள காய்களை நீங்கள் அறிந்துகொள்ளலாம். அது எவ்வாறு என்று இம்மாதம் பார்ப்போம்.

ஆங்கில ஸ்கிராபிளில் 100 காய்கள் உள்ளன. 1930களில் இவ்விளையாட்டை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே காய்களைப் பகிர்ந்தார். ஆகவே 'ஈ' 12, 'எஸ்' 4, 'கியூ' 1, வெற்றுக்காய் 2 என்று ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் மாறாதது. ஒரு தாளில் இவற்றையெல்லாம் முன்னதாக எழுதிவைத்துக்கொண்டு, பலகையில் ஒரு காய் வைக்கப்படும்போதெல்லாம் ஒன்றை அடித்துவிடுங்கள். பையில் காய் தீர்ந்தவுடன் உங்களிடமுள்ளவற்றையும் அடித்துவிட்டால், மீந்திருப்பது எதிராளியின் கைவசமுள்ளதே. போட்டிகளில் இதற்கு அனுமதி உண்டு. வீட்டில் ஆடும்போது முன்னதாகப் பேசி ஒத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கவனியுங்கள். பை காலி. பலகையில் 88 காய்கள். உங்களிடம் 7, எதிராளியிடம் 5. இப்போது உங்கள் முறை. தாளில் மீந்திருப்பவை 'கியூ', 'வி', 'ஓ', 'ஆர்', 'எல்' ஆகிய ஐந்து. இவற்றில் 'யூ'வும் இல்லை, 'ஐ'யும் இல்லை. அப்படியானால் அவர் 'கியூ'வை வைக்கப் பலகையிலுள்ள எழுத்தையே நம்பியாக வேண்டும். பலகையை ஆராய்ந்தால் அதற்கு ஒரே ஓர் இடந்தான் தென்படுகிறது. தனித்து நிற்கும் ஓர் 'ஐ'க்கு முன்னால், எழுத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கட்டம் ஒன்று காலியாயிருக்கிறது. 'கியூ', 'ஐ' இரண்டும் சேர்ந்தால் செல்லத்தக்க ஈரெழுத்துச் சொல். அதை வைத்தால் அவருக்கு 21 புள்ளிகள் கிடைக்கும்.

உங்களுக்கோ வேறோரிடத்தில் 20 புள்ளிகள் எடுக்க வழியிருக்கிறது. ஆனால் அந்தக் காலிக் கட்டத்தில் உங்கள் 'ஹெச்' காயை வைத்து 'ஹாய்' என்ற சொல்லை அமைத்தால் கிடைப்பது 9 மட்டுமே. எதை ஆடுவீர்கள்? 9ஐத் தெரிந்துகொள்வதே நலம். அதனால் இப்போது நீங்கள் இழப்பது 11. அவர் இழப்பதோ 21. அதுமட்டுமல்ல, நீங்கள் உங்கள் காய்களை முடித்தவுடன் அவர் கையில் தங்கிய 'கியூ'வின் 10 புள்ளிகள் அவருடைய கணக்கிலிருந்து கழிந்து உங்கள் கணக்கில் சேரும். போட்டி முறையில் அதன் இரட்டிப்பான 20 உங்களுக்கே கூட்டப்படும். எப்படியானாலும் இடைவெளி 20 புள்ளிகள் மாறுகிறது. மேலும் 'கியூ' இருக்கும்வரை அவரால் ஆட்டத்தை முடிக்க இயலாது. எனவே நீங்கள் அவசரமின்றி, ஒன்றிரண்டு காய்களாக வைத்துப் புள்ளி சேர்க்கலாம். அந்த 20 புள்ளி இடம் அடைபடாதிருந்தால், அதுவும் அடுத்த முறை உங்களுக்குக் கிடைக்கக்கூடும். அவரும் கணக்கு வைத்திருந்தால் உங்கள் கையை அறிந்து அவ்விடத்தை அடைக்க முயல்வார் என்பதையும் மறவாதிருங்கள்.

இனி, எங்கே தவறு நேரும் என்பதைச் சொல்லவேண்டும். பை காலியானபின் தாளில் மீந்தவை ஐந்தாக இருக்க வேண்டிய இடத்தில் ஆறாக இருந்தால், ஒரு காயை அடிக்கத் தவறிவிட்டீர்கள். பலகையைப் பார்த்து மறுபடியும் எண்ணுங்கள். ஆனால் இச்சோதனைக்கு அகப்படாத பிழை ஒன்றுண்டு. ஒருவர் வெற்றுக்காயை 'எஸ்' ஆக வைத்திருக்க, நீங்கள் 'எஸ்' ஒன்றை அடித்துவிட்டால் மொத்த எண்ணிக்கை சரியாகவே வரும். ஆனால் எதிராளியிடம் இருக்கும் 'எஸ்'ஐ வெற்றுக்காய் என்று தவறாக எண்ணிக்கொள்வீர்கள். வெற்றுக்காயை வெற்றுக்காயாகவே அடியுங்கள்.

பையில் இன்னும் இரண்டு காய்கள் இருக்குமானால், உறுதி வெறும் வாய்ப்பாகிவிடுகிறது. எதிராளியிடம் 7, பையில் 2 என்றால் நீங்கள் காணாதவை 9. 'கியூ' அவரிடம் இருக்க ஒன்பதில் ஏழு பங்கு வாய்ப்பு. பையில் இருக்க இரண்டு பங்கு. அப்போது அந்த 'ஐ'யை அடைத்துவிட்டு, பையிலிருந்து 'கியூ'வை நீங்களே எடுக்க நேரிட்டால், அடைத்த கதவுக்கு வெளியே நிற்பவர் நீங்களே. பையில் 7 காய்களுக்குக் குறைவாக இருக்கும்போது மாற்றிக்கொள்ளவும் விதி இடந்தராது. ஆகையால் பை காலியாகும்வரை அடைப்பதற்கு முன் இருமுறை எண்ணுங்கள். காலியானபின் தாளை நம்பி அடையுங்கள்.