48 மணி நேரத்தைத் தாண்டிய விக்கல்

வானொலி அறிவிப்பாளருக்கு இருமல் வந்தால் சமாளித்துவிடலாம். ஒலிவாங்கியை ஒரு நொடி அணைத்துவிட்டு, இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தும்மலும் மூக்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். விக்கல் மட்டும்தான் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு சொல்லின் நடுவிலேயே வந்து நிற்கும். அதனால் எங்கள் தொழிலில் விக்கலுக்கு வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. ஒருவர் தண்ணீர் என்பார், ஒருவர் சீனி என்பார், ஒருவர் பின்னால் வந்து கத்துவார். “யாரோ உங்களை நினைக்கிறார்கள்” என்று ஒரு நேயர் செய்தி அனுப்புவார்.

இவற்றில் எதற்கு அடிப்படை இருக்கிறது, எந்த விக்கலுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

நம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, விரித்த குடையைப் போல ஒரு தசை இருக்கிறது. அதன் பெயர் உதரவிதானம். அது கீழே இறங்கினால் நுரையீரலுக்குள் காற்று வரும், மேலே ஏறினால் காற்று வெளியே போகும். விக்கலின்போது இந்தத் தசை, நாம் கேட்காமலேயே, திடீரென்று வெட்டி இழுக்கிறது. காற்று வேகமாக உள்ளே பாய்கிறது. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் குரல்வளையின் வாசல் பட்டென்று மூடிக்கொள்கிறது. பாய்ந்து வந்த காற்றுக்கு முன்னால் கதவு சாத்தப்படும் அந்தச் சத்தம்தான் நமக்குக் கேட்கும் “ஹிக்”.

யார் இதை இழுக்கச் சொன்னது? அதற்கு ஒரு நரம்புப் பாதை இருக்கிறது. கழுத்திலிருந்து இறங்கி உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஒன்று. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு, தொண்டை, உணவுக்குழாய், இதயம், இரைப்பை என்று உடம்புக்குள் நீளமாகப் பயணம் செய்யும் வேகஸ் நரம்பு இன்னொன்று. இந்த இரண்டும் மூளைத்தண்டில் சந்திக்கின்றன. இந்தப் பாதையில் எங்கே சீண்டல் ஏற்பட்டாலும் விக்கல் வரலாம்.

பெரும்பாலும் சீண்டுவது இரைப்பைதான். வாழை இலைச் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு, மேலே ஒரு குவளை கேஸ் பானத்தையும் குடித்தால் இரைப்பை ஊதிக்கொள்ளும். உதரவிதானம் அதற்கு நேர் மேலே இருக்கிறது. அதிகக் காரம், மது, சூடாகச் சாப்பிட்டவுடன் ஐஸ் தண்ணீர் ஆகியவையும் இதைத் தூண்டும். இந்த வகை விக்கல் சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். வைத்தியங்களைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. தானாக நிற்கப்போகும் விக்கலுக்கு என்ன செய்தாலும், கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குத்தான் பேர் கிடைக்கும்.

ஆனாலும் சில வைத்தியங்களுக்கு நியாயமான அடிப்படை இருக்கிறது. முதலாவது மூச்சடக்குவது. மூச்சை நன்றாக இழுத்து, 10 முதல் 20 விநாடிகள் வரை பிடித்து, மெதுவாக விட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்யலாம். மூச்சைப் பிடிக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு கூடுகிறது. அது கூடினால் விக்கலின் எண்ணிக்கை குறைகிறது. ஒரு பாட்டு ஓடி முடிய நான்கு நிமிடம் இருக்கிறது என்றால் நான் முதலில் செய்வது இதைத்தான். தலை சுற்றினால் உடனே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது விழுங்குவது. தண்ணீரைக் கடகடவென்று குடிப்பதில் பயனில்லை. அது இரைப்பையை இன்னும் ஊதவைக்கும். குளிர்ந்த தண்ணீரைச் சின்னச் சின்ன மடக்காக, இடைவிடாமல் பத்து முறை விழுங்க வேண்டும். விழுங்கும்போது தொண்டையில் உள்ள வேகஸ் நரம்புக்கு வேறு வேலை கிடைக்கிறது. மூளைத்தண்டும் விழுங்குவதற்காக மூச்சை ஒரு கணம் நிறுத்துகிறது. வால்வு பொருத்திய ஒரு சிறப்பு உறிஞ்சு குழாயைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2021இல் எழுதினார்கள். அதில் தண்ணீரை உறிஞ்ச உதரவிதானம் பலமாக இறங்க வேண்டும், பிறகு உடனே விழுங்க வேண்டும். பயன்படுத்திய 249 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விக்கல் நின்றதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாத ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்காதது அந்த ஆய்வின் குறை.

மூன்றாவது நம் பாட்டிமார்களின் சீனி. 1971இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த சிறு குறிப்பு இது. ஒரு தேக்கரண்டி சீனியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கச் சொன்னதில், 20 பேரில் 19 பேருக்கு விக்கல் நின்றது. இதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. சொரசொரப்பான சீனி தொண்டையின் பின்பகுதியை உரசி, நரம்பின் கவனத்தைத் திருப்புகிறது என்பது விளக்கம். இனிப்பு நீர் உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு ஐஸ் தண்ணீருக்குப் போவது நல்லது.

பயமுறுத்துவதற்கு அப்படி எந்தச் சான்றும் இல்லை. வயதானவர்களிடமும் இதய நோயாளிகளிடமும் அந்த விளையாட்டே வேண்டாம். கைக்குழந்தைக்கு விக்கல் வருவது இயல்பு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதற்கு விக்கல் வரும். நெற்றியில் ஈர நூலை ஒட்டுவதால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை. குழந்தையை நிமிர்த்தித் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். 6 மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீரோ சீனியோ கொடுக்க வேண்டாம். ஒரு வயது வரை தேனும் கூடாது.

இனி, தானாக நிற்காத விக்கலுக்கு வருவோம். மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு 48 மணி நேரம். அதைத் தாண்டினால் அது “நீடித்த விக்கல்”. அப்போது விக்கலை நிறுத்துவது எப்படி என்ற கேள்வியைவிட, அந்த நரம்புப் பாதையில் எது சீண்டுகிறது என்ற கேள்விதான் முக்கியம்.

என் மாமா ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயது 61. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு வியாழக்கிழமை இரவு தொடங்கிய விக்கல் ஞாயிற்றுக்கிழமையும் நிற்கவில்லை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. அத்தை ஐஸ் தண்ணீர் கொடுத்தார், சீனி கொடுக்கப் பயந்தார். விக்கலுக்காகவா கிளினிக் போவது என்று மாமாவுக்கு வெட்கம். திங்கட்கிழமை காலை அத்தை வற்புறுத்தித்தான் அழைத்துப் போனார்.

மருத்துவர் முதலில் கேட்ட கேள்விகள் அவர்கள் எதிர்பார்க்காதவை. நெஞ்சு வலிக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். இசிஜி எடுத்தார். சிறுநீரகத்தையும் இரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகளையும் பார்க்க இரத்தம் எடுத்தார். சிறுநீரகம் செயலிழந்து கழிவு தேங்கினாலும், சோடியம் குறைந்தாலும் விக்கல் நிற்காமல் வரும். மாமாவுக்கு அவை சரியாகவே இருந்தன. ஆனால் வழக்கமாக 8, 9 என்று இருக்கும் சர்க்கரை அளவு 19க்கு ஏறியிருந்தது.

“புதிதாக என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் மாமா. அத்தைதான் சொன்னார், முட்டி வலிக்கு மூன்று வாரமாக ஒரு ஜாமு மாத்திரை சாப்பிடுகிறார் என்று. நண்பர் ஒருவர் இரவுச் சந்தையில் வாங்கிக் கொடுத்தது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று மாமாவுக்குப் பெரிய மகிழ்ச்சி. மருத்துவர் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பதிவு எண் இல்லை.

வலிக்கென்று விற்கப்படும், பதிவு செய்யப்படாத ஜாமுகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அந்த ஸ்டீராய்டு வலியை வேகமாக அடக்கும், சர்க்கரையை ஏற்றும், சிலருக்கு நிற்காத விக்கலையும் கொடுக்கும். மூன்றும் ஒன்றாக வந்ததால் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவர் “இன்றே நிறுத்துங்கள்” என்று அனுப்பிவிடவில்லை. ஸ்டீராய்டை வாரக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகலாம். எனவே ஜாமுவுக்குப் பதிலாக, அளவு தெரிந்த மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார். விக்கலுக்குச் சில நாள்களுக்கு மருந்து கொடுத்தார். ஐந்தாம் நாள் மாமா முழு இரவும் தூங்கினார்.

நீடித்த விக்கல் எல்லாமே ஸ்டீராய்டால் வருவதில்லை. நெஞ்செரிச்சலோடு அமிலம் மேலே ஏறுவதுதான் அடிக்கடி காணப்படும் காரணம். அதனால்தான் மருத்துவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடுகிறார். பாக்லோஃபென், மெட்டோகுளோபிரமைடு, குளோர்ப்ரோமசின் என்று விக்கலை அடக்கும் மருந்துகள் உண்டு. அவை தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடியவை. மற்றவருக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

48 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத விக்கலும் இருக்கிறது. விக்கலோடு திடீர்த் தலைசுற்றல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, முகம் கோணுதல், கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், வியர்வை சேர்ந்தால் மாரடைப்பாக இருக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பில் வலியே தெரியாமலும் போகலாம். இத்தகைய நேரத்தில் 999ஐ அழையுங்கள். கடும் வயிற்று வலி, இரத்த வாந்தி, கறுப்பு மலம் என்றாலும் நேராக மருத்துவமனைதான்.

கிளினிக் போகும்போது இரண்டு விஷயங்களைக் கையில் எடுத்துப் போங்கள். ஒன்று, விக்கல் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, தூக்கத்திலும் வருகிறதா என்ற குறிப்பு. மற்றொன்று, கடந்த ஒரு மாதத்தில் வாயில் போட்ட மாத்திரை, ஜாமு, லேகியம் அத்தனையும் உள்ள ஒரு பை. நம் நாட்டில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கும். உங்கள் வீட்டு மருந்து அலமாரியைத் திறந்து அந்த எண் இல்லாத பாக்கெட் ஏதும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்படி ஒன்றைப் பல நாள்களாகச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன் அந்தப் பாக்கெட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.