சூட்டின் தலையில் கட்டிய ரத்தம்

அமீரகத்தில் நம்மவர் சங்கம் ஒன்று வெளியிட்ட ஆண்டு மலரில் உடற்சூடு பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. மோர், இளநீர், எண்ணெய்க் குளியல் என்று போகும்வரை அதோடு சண்டை போட ஒன்றுமில்லை. நடுவில் ஒரு பக்கம் முழுக்க, சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பற்றி அதன் ஆசிரியர் தீர்ப்பே எழுதிவிட்டார். வாதம் மூன்று படிகளில் ஏறுகிறது. வலியில்லாமல் ரத்தம் போனால் அது வெயில் சூடு, நோயாக இருந்தால் வலித்திருக்கும். பார்லித் தண்ணீர் குடித்தால் இரண்டு நாளில் நிற்கும், நின்றுவிட்டால் குணமாயிற்று. மருத்துவமனைக்குப் போனால் ஸ்கேன், குழாய் என்று காசைக் கறப்பார்கள், விசாவுக்கும் வில்லங்கம் வரும், ஆகவே லீவில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாட்சிக்கு ஒருவரையும் நிறுத்துகிறார்: அஜ்மானில் ட்ரெய்லர் ஓட்டும் 52 வயதுக்காரர். 25 வருடமாக நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். இரண்டு நாள் சிவப்பாகப் போனது, வலி இல்லை. கிளினிக்கில் அல்ட்ராசவுண்ட் எடுத்ததில் சிறுநீரகத்தில் 4 மி.மீ. கல். பார்லி குடித்தார், நின்றது, நன்றாக இருக்கிறார். கட்டுரை அங்கே சுபம் போட்டுவிடுகிறது. என் கவலை அந்த ஓட்டுநரைப் பற்றித்தான்.

முதல் படியைப் பார்ப்போம். சிறுநீர்ப் பாதையில் வலி எப்போது வருகிறது? கல் குழாயை அடைத்து, பின்னால் நீர் தேங்கி, குழாயும் சிறுநீரகமும் விம்மும்போது இடுப்பிலிருந்து அடிவயிறு வரை பிடித்து இழுக்கிறது. கிருமி உள்சவ்வைப் புண்ணாக்கும்போது எரிகிறது. சிறுநீர்ப்பையில் முளைக்கும் கட்டி ஆரம்பத்தில் இந்த இரண்டையும் செய்வதில்லை. எதையும் அடைக்காமல், எதையும் அழற்றாமல், மெல்லிய விரல்கள் போலப் பைக்குள் நீட்டிக்கொண்டு வளர்கிறது. அந்த விரல்களில் ஒன்று ஒடிந்தால் ரத்தம் வரும், வலி வராது. சிறுநீர்ப்பைப் புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதல் அறிகுறியே வலியற்ற ரத்தம்தான். கண்ணுக்குத் தெரியும் ரத்தத்தோடு பரிசோதனைக்கு வரும் பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மீதிப் பேருக்குக் கல், கிருமி, புராஸ்டேட் வீக்கம் என்று வேறு காரணங்கள் இருக்கும். அந்தப் பத்தில் ஒருவர் யார் என்பதை வலியை வைத்துப் பிரிக்க முடியாது. கட்டுரை வலியில்லாதவரை வீட்டுக்கு அனுப்புகிறது. மருத்துவம் அவரைத்தான் முதலில் உள்ளே கூப்பிடும்.

வெயிலையும் விட்டுவிட வேண்டாம், ஏனென்றால் அங்கேயும் ஆசிரியர் தலைகீழாக நிற்கிறார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து கரும்மஞ்சளாகும், எரியும், கல்லும் கட்டும். வளைகுடாவில் கல் அதிகம் என்பது உண்மை. ஆனால் வெறும் தண்ணீர்க் குறைவு சிறுநீரில் ரத்தத்தைக் கலக்காது. வெயில் நேரடியாகச் சிறுநீரைக் கோலா நிறமாக்கும் ஒரு நிலைமை உண்டு. கடும் வெப்பத்தில் உடலை முறித்து வேலை செய்தவரின் தசைகள் சிதைந்து, அவற்றின் சாயப்பொருளான மயோகுளோபின் சிறுநீரில் இறங்குகிறது. டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நனைத்தால் ‘ரத்தம்’ என்று காட்டும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுவே இருக்காது. கூடவே தசை வலியும் தளர்ச்சியும் இருக்கும். அந்தச் சாயம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும், அன்றே டிரிப் ஏற்றிக் கவனிக்க வேண்டிய நிலை அது. ஆக, வெயில் காரணமில்லை என்றால் கட்டுரையின் ஆறுதல் பொய். வெயிலே காரணம் என்றால் அந்த ஆறுதல் இன்னும் ஆபத்து.

இரண்டாம் படி, நின்றால் குணம் என்பது. ஒரு லிட்டர் சிறுநீரைச் சிவக்க வைக்க ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போதும். இரண்டு லிட்டர் பார்லித் தண்ணீர் குடிப்பவரின் சிறுநீரில் அதே ரத்தம் கரைந்து வெளுத்துத் தெரியும். ஒடிந்த இடத்தில் ரத்தம் உறைந்தால் தானாகவும் நிற்கும். பிறகு வாரங்கள், மாதங்கள் கழித்து மறுபடி வரும். இப்படி விட்டு விட்டு வருவதுதான் கட்டியின் வழக்கம். நின்றது பார்லியின் வெற்றி என்றால், சேவல் கூவியதால்தான் விடிந்தது என்பவரோடும் நாம் வாதிட முடியாது.

ஹியூபர்ட் ஹம்ஃப்ரியின் கதையைக் கட்டுரையாளர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். 1967-இல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்தபோது அவருடைய சிறுநீரில் ரத்தம் தெரிந்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் பார்த்தார்கள், சிறுநீரில் இருந்த அணுக்கள் புற்றா இல்லையா என்பதில் அவர்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. மறு ஆண்டு அதிபர் தேர்தலில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்யும் அளவுக்குத் தெம்பாகவே இருந்தார். 1973-இல் கதிர்வீச்சுச் சிகிச்சை, 1976-இல் சிறுநீர்ப்பையையே அகற்றும் அறுவை, 1978 ஜனவரியில் மரணம். 1994-இல் ஆய்வாளர்கள் அவருடைய 1967-ஆம் ஆண்டு மாதிரியை எடுத்துப் பார்த்தபோது, புற்றுக்கு இட்டுச்செல்லும் p53 மரபணு மாற்றம் அப்போதே அதில் இருந்தது தெரியவந்தது. முதல் ரத்தத்துக்கும் மரணத்துக்கும் இடையில் பத்து ஆண்டுக்கு மேல், அதில் பெரும்பகுதி ‘நன்றாக இருந்த’ காலம். அஜ்மான் ஓட்டுநர் நன்றாக இருப்பதை வைத்துக் கட்டுரையாளர் எதை நிரூபித்தார் என்று இப்போது கேட்கலாம்.

அந்த ஓட்டுநரின் வழக்கையே முறையாகப் பிரித்துப் பார்ப்போம். ஆண், 52 வயது, 25 வருடம் ஒரு பாக்கெட். சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையே காரணம்: புகையில் உள்ள அமீன் நச்சுகள் சிறுநீரகம் வழியாக வடிந்து பைக்குள் மணிக்கணக்கில் தேங்கி நிற்கின்றன. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலில், கண்ணுக்குத் தெரிந்த ரத்தம் ஒன்றே போதும், அவர் அதிக ஆபத்துப் பிரிவுக்குப் போய்விடுவார். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதலில், 45 வயதுக்கு மேல் கிருமித் தொற்று இல்லாமல் சிவப்பாகப் போனாலே புற்றுச் சந்தேகப் பாதையில் அனுப்ப வேண்டும். ஒருமுறை மட்டும் வந்தாலும் கணக்குதான். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் இதே கணக்குதான், பழியை மாத்திரைமேல் போட்டு விட்டுவிடுவதில்லை.

அந்த 4 மி.மீ. கல்? கல் இருப்பது கல் இருப்பதை மட்டுமே சொல்கிறது. வளைகுடாவில் இத்தனை பேருக்குச் சத்தமில்லாத கல் இருக்கும்போது, கல்லும் கட்டியும் ஒரே ஆளிடம் இருப்பதற்குத் தடையேதும் இல்லை. ஸ்கேனில் கல் தெரிந்ததும் தேடுவதை நிறுத்துவதுதான் இந்த விஷயத்தில் வழக்கமாக நடக்கும் பிழை. அல்ட்ராசவுண்டுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், நிரம்பியிருந்தாலும் சில மில்லிமீட்டர் கட்டி நழுவிவிடும். அவருக்குச் செய்ய வேண்டியிருந்தவை இவை: சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கல்ச்சர் வைத்து, கிரியாட்டினின் பார்ப்பது, சிறுநீரகமும் குழாய்களும் தெரியும்படி மருந்து செலுத்திச் சி.டி. எடுப்பது, கடைசியாக சிஸ்டோஸ்கோபி. கட்டுரை பூச்சாண்டி காட்டும் அந்தக் ‘குழாய்’ இதுதான். மரத்துப்போகும் ஜெல் தடவி, வளையும் மெல்லிய கேமராவைச் சில நிமிடம் உள்ளே விட்டுப் பார்த்து, அன்றே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று கட்டிகள் பையின் தசைக்குள் இறங்காதவை. அவற்றை அதே பாதை வழியாகச் சுரண்டி எடுத்துவிட்டுக் கண்காணிக்கலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பையையே எடுக்கும் பேச்சு வந்துவிடும். ‘அடுத்த லீவு’ என்பது இந்த இரண்டுக்கும் இடையே உள்ள காலத்தைத் தின்பது.

எல்லாச் சிவப்பும் ஒரே அவசரம் என்று நான் சொல்லவில்லை. கட்டி கட்டியாக ரத்தம் வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால், கல் வலியோடு குளிர் காய்ச்சல் சேர்ந்தால், வெயில் வேலைக்குப் பிறகு தசை வலியோடு கோலா நிறமானால், அன்றிரவே எமர்ஜென்சி. முகம், கால் வீங்கி, நுரைத்து, பிரஷர் ஏறினால், அல்லது தொண்டை வலிக்குப் பின் பழுப்பாகப் போனால், கோளாறு சிறுநீரகத்தின் வடிகட்டியில் இருக்கலாம், அந்த வாரமே நெஃப்ராலஜிஸ்ட். எரிச்சலோடு வந்தால் கல்ச்சர் வைத்து ஆன்டிபயாட்டிக், முடிந்ததும் ரத்தம் போய்விட்டதா என்று மறுபடி ஒரு யூரின் டெஸ்ட். கல்ச்சரே இல்லாமல் மருந்துமேல் மருந்தாக மாற்றி, கட்டியை மாதக்கணக்கில் ‘நீர்க்கடுப்பு’ என்று வைத்தியம் பார்ப்பது பெண்களுக்கு அதிகம் நடக்கிறது. வலியும் காய்ச்சலும் இல்லாத சிவப்புக்கு ஆம்புலன்ஸ் தேவையில்லை, ஆனால் இரண்டு வாரத்துக்குள் யூராலஜிஸ்ட் முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தேவையில்லாத டெஸ்ட் எடுக்கிறார்கள் என்ற கோபத்தில் நியாயமும் உண்டு. புகைக்காத, 40 வயதுக்குட்பட்ட ஆணுக்கு மைக்ராஸ்கோப்பில் மட்டும் நாலைந்து சிவப்பணு தெரிந்தால் சி.டி. வேண்டாம், ஆறு மாதத்துக்குள் மறுபடி சிறுநீர் பார்த்தால் போதும் என்று அதே அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. ஆபத்துக்கேற்பப் பிரிப்பதன் பொருள் அதுதான். அந்தச் சலுகையைத் தூக்கிக் கண்ணால் சிவப்பைக் கண்ட 52 வயதுப் புகைப்பழக்கக்காரருக்குக் கொடுப்பது கருணை ஆகாது.

மூன்றாம் படியில் வரும் விசா பயம் வெறும் வதந்தி. விசா மருத்துவப் பரிசோதனை முதன்மையாகத் தேடுவது எச்.ஐ.வி., காசநோய் போன்ற தொற்றுகளை. சிறுநீர்ப்பைப் புற்று யாருக்கும் தொற்றாது. செலவு பயம் அப்படியல்ல, அது நிஜம். ஆனால் அபுதாபியிலும் துபாயிலும் முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருவது முன்பே சட்டம், 2025 ஜனவரி 1 முதல் அஜ்மான், ஷார்ஜா உள்ளிட்ட மற்ற எமிரேட்டுகளிலும் தனியார் நிறுவன ஊழியருக்கு அது கட்டாயம். அடிப்படைத் திட்டத்தில் முதலில் பொது மருத்துவரைப் பார்த்து, அவரிடம் யூராலஜிஸ்டுக்கு ரெஃபரல் கேட்டு வாங்க வேண்டும், பில்லில் ஒரு பங்கு நம் கையிலிருந்து போகும். இதை எழுதியிருந்தால் மலர் நாலு பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

சங்கம் அடுத்த வெளியீட்டில் அந்தப் பக்கத்துக்குத் திருத்தம் போட வேண்டும். அந்த ஓட்டுநர் யாரென்று கட்டுரையாளருக்குத் தெரியும். திருத்தம் அச்சாகும்வரை காத்திருக்காமல் அவருக்கு இன்றே போன் செய்து, இந்த வாரமே யூராலஜிஸ்டுக்கு ரெஃபரல் வாங்கச் சொல்ல வேண்டியது கட்டுரையாளருடைய பொறுப்பு.