வாப்பாவின் கையெழுத்தும் மகனின் பவரும்

புறக்கோட்டையில் கடை, கொட்டாஞ்சேனையில் குடியிருக்கும் வீடு, வெள்ளவத்தையில் வாடகைக்குக் கொடுத்த ஒரு தொடர்மாடி வீடு, வங்கியில் நடைமுறைக் கணக்கு ஒன்று, நிலையான வைப்பு இரண்டு. நமது வியாபாரிகளில் எழுபது வயதைத் தாண்டிய பலரின் சொத்துப் பட்டியல் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். முழங்கால் வலியால் வாப்பாவுக்கு வங்கிப் படி ஏற முடியவில்லை. கடையைப் பார்க்கும் மகன், "வாப்பா, எனக்கு ஒரு பவர் எழுதித் தாங்களேன்" என்கிறார். நொத்தாரிசு அலுவலகத்தில் ஏற்கெனவே டைப் செய்து வைத்திருக்கும் படிவம் ஒன்று எடுக்கப்படுகிறது. பெயரும் விலாசமும் நிரப்பப்படுகின்றன. வாப்பா கையெழுத்திடுகிறார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அன்று யாரும் நிதானமாக வாசிப்பதில்லை. பொது அற்றோணித் தத்துவம் எனப்படும் அதில் பணம் எடுக்கும் அதிகாரம் மட்டும் இருப்பதில்லை. விற்கலாம், ஈடு வைக்கலாம், வாப்பாவின் பெயரில் கடன் வாங்கலாம், வழக்குப் பேசலாம் என்று எல்லாமே ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். வாப்பா கொடுக்க நினைத்தது வங்கிக்குப் போய்வரும் வேலையை. கொடுத்ததோ முழுச் சொத்தின் சாவியை.

மகன் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வியாபாரிகளுக்கு இது நன்றாக விளங்கும். மார்க்கெட் மந்தமாகிறது, இறக்குமதிச் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது, மேலதிகப்பற்று நிரம்பிவிட்டது. கையில் பவர் இருக்கிறது. கொட்டாஞ்சேனை வீட்டை ஈடு வைத்து வாப்பாவின் பெயரிலேயே கடன் எடுக்கிறார், ஆறு மாதத்தில் அடைத்துவிடும் எண்ணத்தோடுதான். அடைக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பெரிய கடன்களுக்கு ஈடு வைத்த ஆதனத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலே, தனது பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு வங்கி ஏலம் விடலாம். பராட்டே என்று நாம் சொல்வது இதைத்தான். ஏலத்துக்குப் போவது வாப்பாவும் உம்மாவும் குடியிருக்கும் வீடு. மற்றப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியவருவது பத்திரிகை விளம்பரத்தில்.

ஆகவே என் கருத்து இதுதான்: பிள்ளைக்குப் பவர் கொடுங்கள், ஆனால் பொதுப் பவர் கொடுக்காதீர்கள். வேலையைக் குறிப்பிட்டு விசேட பவர் கொடுங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தக் கணக்கு என்று இலக்கத்தோடு எழுதுங்கள். பணம் வைப்பிடலாம், எடுக்கலாம், காசோலை எழுதலாம், வைப்பைப் புதுப்பிக்கலாம், வெள்ளவத்தை வாடகையை அறவிடலாம், வரியும் பில்லும் கட்டலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "கடன் வாங்கவோ, ஈடு வைக்கவோ, பிறருக்குப் பிணை நிற்கவோ, நன்கொடை எழுதவோ அதிகாரம் இல்லை" என்று வெளிப்படையாகவும் எழுதுங்கள். ஒரு காணியை விற்க வேண்டிய தேவை வந்தால் அந்தக் காணிக்கு மட்டும், குறைந்தபட்ச விலையையும் குறித்து, வேறொரு பவர் எழுதலாம். 1902ஆம் ஆண்டின் அற்றோணித் தத்துவக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டுள்ளது. எனவே பழைய பவரைப் பார்த்து அப்படியே பிரதி பண்ணாமல், இன்றைய தேவைப்பாடுகள் என்னவென்று நொத்தாரிசிடம் கேட்டு எழுதி, பதிவும் செய்துகொள்ளுங்கள். எழுதுமுன் வரைவை வங்கி முகாமையாளரிடம் காட்டுவது நல்லது. வங்கி எதிர்பார்க்கும் வாசகம் இல்லையென்றால் பதிவு செய்த பவரும் கவுண்டரில் திரும்பி வரும்.

இனி இரண்டாவது விஷயம். நம்மில் அதிகம் பேர் அறியாதது இதுதான். வாப்பாவுக்கு ஞாபகம் முற்றாகத் தப்பிவிட்டால் அந்தப் பவர் செத்துவிடும். அதிகாரம் கொடுத்தவர் சுயபுத்தியோடு இருக்கும்வரைதான் அவருக்காக இன்னொருவர் செயல்பட முடியும். இஸ்லாமிய சட்டத்தில் வகாலத்தின் விதியும் இதுவே. கொடுத்தவர் மரணித்தாலோ புத்தி பேதலித்தாலோ வகாலத் முடிந்துவிடுகிறது. கால் நடக்க முடியாத வாப்பாவுக்குப் பவர் உதவும். பிள்ளையின் பெயரே மறந்துபோன வாப்பாவுக்கு அது உதவாது.

லண்டனிலுள்ள மகள், "இங்கே அப்படியில்லையே" என்பார். அவர் சொல்வதும் சரிதான். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டமும், புத்தி தளர்ந்த பின்னும் நிலைக்கும் பவருக்கு வழி செய்தன. நம் நாட்டில் அத்தகைய பவர் இல்லை. இங்கே அந்த நிலைமை வந்தால் போக வேண்டிய இடம் புதுக்கடை. குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, மருத்துவச் சாட்சியத்தோடு விசாரணை நடந்து, சொத்தைப் பராமரிக்க ஒரு முகாமையாளர் நியமிக்கப்பட வேண்டும். ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ அவருக்கும் நீதிமன்ற அனுமதி தேவை. காலமும் செலவும் பிடிக்கும் வழிதான். ஆனால் நேரான வழி அதுவே.

பலர் எடுப்பது குறுக்கு வழி. நினைவு தப்பியவரின் பெருவிரலைப் பிடித்து மை தடவி உறுதி எழுதுவது, அல்லது பழைய பவரை வைத்து ஒன்றும் நடக்காததுபோல வெள்ளவத்தை வீட்டை விற்பது. இரண்டு வருடம் கழித்து ஒரு சகோதரி வைத்தியசாலைக் குறிப்புகளோடு வழக்குப் போட்டால் அந்த விற்பனையே கவிழக்கூடும். அப்போது பணம் கொடுத்து வாங்கிய வியாபாரியும் சேர்ந்துதான் அல்லாட வேண்டும். பவரில் சொத்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: முற்பணம் கொடுக்குமுன் சொத்துக்காரரை நேரில் போய்ப் பாருங்கள், அவரோடு பத்து நிமிடம் பேசுங்கள்.

மரணத்தின் பின்னும் இதே கதைதான். ஜனாஸா அடக்கிய மறுநாள் பவரைக் காட்டிப் பணம் எடுப்பது, அது மையித்துச் செலவுக்கே ஆனாலும், அதிகாரமில்லாத செயல். மரணித்த நொடியிலிருந்து அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும் உரியது.

பணக்காரக் குடும்பங்களும் இதில் தப்பவில்லை. நியூயோர்க்கின் பெரும் செல்வச் சீமாட்டி புரூக் ஆஸ்டர் 2007இல் 105 வயதில் காலமானார். அவருடைய பவர் ஒரே மகன் அன்தனி மார்ஷலின் கையில் இருந்தது. தாயின் நினைவு தளர்ந்திருந்த காலத்தில், அவருடைய பணத்தை நிர்வகிப்பதற்காகத் தனக்குத் தானே ஏறத்தாழ பத்து லட்சம் டொலர் சம்பள உயர்வு எடுத்துக்கொண்டார் என்பது 2009இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டதில் முக்கியமான ஒன்று. விஷயத்தை 2006இல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் அன்தனியின் சொந்த மகன். "உழைப்புக்குக் கூலிதானே" என்று நம் கடைகளிலும் சொல்லப்படுகிறது. கூலி கொடுப்பதானால் அது எவ்வளவு என்பதை வாப்பா புத்தியோடு இருக்கும்போதே பவரில் எழுதிவிட வேண்டும்.

கடைசியாக, கையெழுத்திடும் நாள். அன்று நொத்தாரிசு வாப்பாவைத் தனியே வைத்து ஐந்து நிமிடம் பேசட்டும். என்ன எழுதுகிறீர்கள், யாருக்கு, ஏன் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். வயது முதிர்ந்தவர் என்றால், அதே வாரத்தில் ஒரு வைத்தியரிடம் தெளிவான புத்தியோடு இருக்கிறார் என்று கடிதம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கூற்றின் பிரதி எல்லாப் பிள்ளைகளுக்கும் போக வேண்டும் என்பதையும் பவரிலேயே எழுதலாம். மனம் மாறினால், வீட்டில் திட்டுவதோடு நிற்காமல் எழுத்தில் ரத்துச் செய்து, பதிந்து, அன்றே வங்கிக்கும் அறிவித்து, மூலப் பிரதியையும் திருப்பி வாங்குங்கள். வங்கிக்குத் தெரியாத ரத்து, காசோலையை நிறுத்தாது.

"மகனை நம்பவில்லையா?" என்று யாராவது கேட்டால் கடைக்கணக்கைக் காட்டுங்கள். கூடப் பிறந்தவனோடு பங்கு வியாபாரம் செய்தாலும் நாம் பேரேடு எழுதத்தான் செய்கிறோம். பவரில் நிபந்தனை எழுதுவதும் அதே கணக்குத்தான். நாளைக்கு அவனைச் சகோதரிகள் முன் தலைகுனியாமல் காப்பாற்றுவதும் அதுவே.