தேங்காயில்லாக் குழம்பு

மலையில் தென்னை செழிப்பதில்லை. நோட்டன் பிரிட்ஜுக்குத் தேங்காய் கீழ்நாட்டிலிருந்தே ஏறி வரவேண்டும். 2024 இறுதியில் அதன் விலை உயர்ந்தபோது, எம் வீட்டார் தக்காளிக் குழம்புக்கு மாறினர். முதல் நாள் அது நீர்த்துப் புளித்தது. வெங்காயத்தையும் தக்காளியையும் ஒருங்கே இட்டதே பிழை. புளிப்புப் பட்ட வெங்காயம் எளிதில் குழையாது. குழையாவிடில் குழம்பு தடிப்பாகாது.

நால்வருக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். கடுகு தாளித்து, நறுக்கிய மூன்று பெரிய வெங்காயத்தை உப்பிட்டு மூடுங்கள். அடிப்பிடித்தால் எண்ணெயன்று, சிறிது நீர் தெளியுங்கள். பொன்னிறமாய்க் குழைந்த பின்னரே மூன்று தக்காளியும் தூளும் இடுங்கள். எண்ணெய் பிரியுமென்று காத்திராதீர்கள்; இவ்வளவு குறைவான எண்ணெய் பிரிந்து மிதக்காது. அகப்பை இழுத்த தடம் மூடாது நின்றால் அதுவே பதம். பின்னர் வெந்நீரும் அவித்த உருளைக்கிழங்கும் சேருங்கள். புளிப்பு மிஞ்சினால், மசித்த பருப்பு ஒரு கரண்டி விடலாம். சர்க்கரை மட்டும் வேண்டாம்!