இன்சுலின் பேனாவில் சொட்டுப் பார்த்தல்

இன்சுலின் பேனாவைக் கையாளும் முறையைக் கூறும் அறிவிப்புத் தாள்கள் தமிழாக்கத்திற்காக எம்போன்றோரின் மேசைக்கு அவ்வப்போது வருவதுண்டு. அத்தாள்களில் ஒரே செயலுக்கு மூன்று பெயர்கள் வழங்கக் காண்கிறோம். ஒன்றில் அது 'ஏர் ஷாட்', மற்றொன்றில் 'பிரைமிங்', இன்னொன்றில் 'பாதுகாப்புச் சோதனை'. பேனாவில் ஊசியைப் பொருத்திய பின், உட்கொள்ள வேண்டிய அளவைத் திருப்பி வைப்பதற்கு முன்னர், 2 யூனிட் மருந்தை ஊசி முனை மேல்நோக்கி இருக்க வெளியே தள்ளிவிடுவதே அச்செயலாகும். முதற்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'காற்றுச் சுடுதல்' என்று வரும். அது கேட்போர்க்கு நகைப்பை அளிக்குமேயன்றி விளக்கத்தை அளிக்காது. ஆகவே பலர் 'காற்றை வெளியேற்றுதல்' என்று எழுதி அமைகின்றனர். இச்சொல் தமிழாக இருக்கிறது என்பது உண்மையே. எனினும் இது நோயாளியைத் தவறான வழியில் செலுத்துகிறது என்பதே என் கருத்து.

காரணத்தைக் கூறுகிறேன். காற்றை வெளியேற்றுதல் என்று படித்த ஒருவர் பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கண்ணாடிக் குழாயில் குமிழி ஏதும் தென்படவில்லை. வெளியேற்றக் காற்றே இல்லாதபோது விலையுயர்ந்த மருந்தை எதற்காக வீணாக்க வேண்டும் என்று எண்ணி அப்படியே குத்திக்கொள்கிறார். அவர் எண்ணியதில் தர்க்கப் பிழை ஒன்றுமில்லை. பிழை சொல்லில் இருக்கிறது. அச்செயலின் தலையாய நோக்கம், பேனாவிலிருந்து மருந்து உண்மையாகவே வெளிவருகிறதா என்று அறிவதாகும். காற்று நீங்குவது அதனோடு சேர்ந்து கிடைக்கும் பயன். தோலுக்கு அடியில் சிறு குமிழி ஒன்று புகுந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்திற்கு இடமில்லை. குமிழியால் விளையும் கேடு, அது மருந்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதேயாம்.

இதனை உணரப் பேனாவின் உள்ளமைப்பைச் சற்றே அறிதல் வேண்டும். பேனாவின் குழாயில் 3 மில்லி லிட்டர் மருந்து உண்டு. ஒரு மில்லி லிட்டரில் 100 யூனிட் வீதம், மொத்தம் 300 யூனிட். குழாயின் பின்புறத்தை ஒரு ரப்பர் அடைப்பு மூடியிருக்கிறது. திருகைத் திருப்பி 8 என்ற எண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினால், ஒரு தண்டு குறிப்பிட்ட தூரம் முன்னேறி அந்த ரப்பரைத் தள்ளுகிறது. சாளரத்தில் எண் 8-லிருந்து 0-க்கு இறங்குகிறது. இவ்வெண் அளப்பது தண்டு நகர்ந்த தூரத்தை மட்டுமே. ஊசி முனையில் எவ்வளவு வெளிவந்தது என்பதை அது அறியாது. இவ்விரண்டும் ஒன்றென நோயாளி நம்புகிறார். பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கவும் செய்கின்றன. இல்லாதபோது அதனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி ஊசி முனையில் திரளும் சொட்டு ஒன்றுதான்.

புதுக் குழாயை இட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பேனாவை எடுத்துக்கொள்வோம். பழைய குழாய் தீர்ந்ததும் தண்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் புதுக் குழாயைப் பொருத்துகிறோம். அப்போது தண்டின் முனைக்கும் ரப்பருக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கக்கூடும். இரவு உணவுக்கு முன் 8 யூனிட் வைத்து ஒருவர் அழுத்துகிறார். தண்டு அவ்வெற்றிடத்தைக் கடப்பதிலேயே தன் பயணத்தை முடித்துவிடுகிறது. சாளரத்தில் 0 வந்துவிட்டது. உடலுக்குள் ஒன்றும் போகவில்லை. அவர் முதலில் 2 யூனிட் வைத்துச் சொட்டுப் பார்த்திருந்தால், முதல் முறையும் இரண்டாம் முறையும் முனை உலர்ந்திருப்பதைக் கண்டு, சொட்டு வரும் வரையில் திரும்பச் செய்திருப்பார்.

வேறொரு நேர்வு 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான எச்சரிக்கை ஒன்றில் கூறப்பட்டது. ஊசிக்கு வெளி மூடி, உள் மூடி என இரண்டு உண்டு. மருத்துவமனையில் தானே விலகும் காப்புறை கொண்ட ஊசியைக் கண்டு பழகிய நோயாளிகள் சிலர், வீட்டில் சாதாரண ஊசியின் உள் மூடியைக் கழற்றாமலே அழுத்தி வந்தனர். எண் நாள்தோறும் ஒழுங்காக 0-க்கு இறங்கியது. மருந்தோ மூடிக்குள் தேங்கியது. அவர்களுள் ஒருவர் இரத்தத்தில் அமிலம் மிகுந்து இறந்தார். வெறும் முனையில் சொட்டைத் தேடும் பழக்கம் இருக்குமிடத்தில் இத்தகைய பிழை முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடும்.

செய்முறை எளிது. கலங்கலான மருந்தாயின் முதலில் பேனாவை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டியும், மேலும் கீழுமாகக் கவிழ்த்தும், பால்போல் ஒரே நிறமாகும் வரை கலக்க வேண்டும். பின் புது ஊசியைத் திருகி, இரு மூடிகளையும் எடுத்துவிட்டு, 2 யூனிட் வைத்து, முனையை மேலே நிறுத்தி, குமிழிகள் மேலேறும் வண்ணம் குழாயை விரலால் மெல்லத் தட்டிப் பொத்தானை இறுதி வரை அழுத்த வேண்டும். சொட்டு வரவில்லையேல் மீண்டும் செய்க. இரண்டு மூன்று முறை செய்தும் வராவிடில் ஊசியை மாற்றுக. புது ஊசியிலும் வராவிடில் அப்பேனாவை நம்பற்க. ஒரே ஊசியைப் பல நாள் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. அது தகாது என்றே தயாரிப்பாளர் யாவரும் கூறுகின்றனர். ஆயினும் அவ்வாறு செய்வோர்க்கே இச்சோதனை மிகவும் வேண்டற்பாலது; ஏனெனில் உலர்ந்த மருந்து அடைத்துக்கொள்வது பழைய ஊசியில்தான்.

இனி வீண் செலவு என்னும் முறையீட்டுக்கு வருவோம். இதனை அலட்சியமாகத் தள்ளிவிடுவது நியாயமன்று. காலை 12, மாலை 8 என நாளொன்றுக்கு 20 யூனிட் போட்டுக்கொள்ளும் ஒருவரைக் கருதுவோம். மாதம் 30 நாட்களுக்கு 600 யூனிட். அதாவது இரண்டு பேனாக்கள். மருந்துச் சீட்டில் அவ்வாறே எழுதப்படுகிறது. ஆனால் வேளைக்கு 2 யூனிட் வீதம் சொட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 24 யூனிட் செலவாகும். இரண்டு பேனாக்களும் 25-ஆம் நாளிலேயே தீர்ந்துவிடும். விதிப்படி நடந்தவர் கடைசி ஐந்து நாட்களுக்கு மருந்தின்றித் தவிக்க, நடவாதவர் மாத முடிவு வரை நிம்மதியாக இருக்கிறார்! சீட்டே நோயாளிக்குத் தவறைக் கற்பிக்கிறது. மருத்துவர்கள் 600 என்பதற்குப் பதில் 720 என்று கணக்கிட்டுச் சீட்டு எழுத வேண்டும். இலவசமாக மருந்து வழங்கும் திட்டங்களும் இதனைச் சேர்த்தே அளவை வகுக்க வேண்டும். இதனைச் செய்யாமல் நோயாளியின் கஞ்சத்தனத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை.

சோதனை ஊசி போடுவதற்கு முன் செய்வது. போட்ட பின் செய்ய வேண்டியது ஊசியை உள்ளேயே நிறுத்தி வைத்தல். எண் 0-க்கு வந்ததும் வேலை முடிந்தது என்று கையை எடுப்பவர் பலர். தண்டு நின்றுவிட்டதேயன்றி மருந்து நின்றுவிடவில்லை. ஊசியின் துளை மயிரிழை போன்றது. அதன் வழியே திரவம் மெல்லத்தான் செல்ல இயலும். அழுத்தப்பட்ட ரப்பர் சற்றே நசுங்கி, பின் விரிகிறது. குழாயில் குமிழி இருந்தால் அதுவும் வில்போல் சுருங்கி விரிகிறது. அவ்விரிவு ஓயும் வரை மருந்து ஊறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் என்பது பேனாவுக்குப் பேனா வேறுபடும். சில தாள்கள் 5 வினாடி என்றும், சில 6 என்றும், சில 10 என்றும் கூறுகின்றன. தம் பேனாவின் தாள் காட்டும் எண்ணை நோயாளி கைக்கொள்ளலாம். அறியாதவர் 10 வரை எண்ணுவதால் கேடில்லை.

எண்ணத் தொடங்கும் இடமும் முக்கியம். பொத்தானை அழுத்தத் தொடங்கும்போதே சிலர் எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். 0 தோன்றிய பிறகே 'ஒன்று' என்று சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரைந்து சொன்னால் 6 என்பது இரண்டு வினாடியில் முடிந்துவிடும். 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று நிதானமாகச் சொன்னால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வினாடியாகும். ஊசி வெளிவரும் வரை கட்டை விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தலாகாது; எடுத்தால் இரத்தமோ உடல் நீரோ குழாய்க்குள் பின்னேறக்கூடும். வெளியே எடுத்த ஊசியின் முனையில் மிகச் சிறு துளி நிற்பது இயல்பு. முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தாலோ, தோல் ஈரமாயிருந்தாலோ, நேரம் போதவில்லை என்று அறியலாம். பேனா மருந்தில் 1 யூனிட் என்பது 0.01 மில்லி லிட்டரே. ஆகவே கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் சொட்டு ஒன்றிரண்டு யூனிட்டாக இருத்தல் கூடும். 20 யூனிட் போடுபவருக்கு அது சிறு குறை. 3 யூனிட் போடும் சிறு குழந்தைக்கோ பாதி மருந்து. ஒழுகியதை ஈடு செய்யக் குத்துமதிப்பாக மீண்டும் ஊசி போடுதல் ஆகாது. இரத்தச் சர்க்கரையைச் சோதித்து மருத்துவரிடம் கூறுவதே முறை.

ஊசியைப் பேனாவிலேயே விட்டு வைப்பதும் இதனோடு தொடர்புடையது. வெப்பத்தில் மருந்து விரிந்து ஊசி வழியே கசியும். குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளிழுக்கும். பலர் வியக்கும் குமிழிகள் பெரும்பாலும் இவ்வழியே வந்தவை.

இப்பிழைகள் மருத்துவரின் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதே என்னை மிகவும் கவலையுறச் செய்கிறது. நோயாளி 14 யூனிட் என்கிறார், சர்க்கரையோ இறங்கவில்லை. மருத்துவர் 18 ஆக்குகிறார். பின் 22 ஆக்குகிறார். உண்மையில் உள்ளே போனது ஒருநாள் 10, ஒருநாள் 13, ஒருநாள் ஒன்றுமில்லை. பிறகு வேறு நோய்க்காக அவர் மருத்துவமனையில் சேர்கிறார். அங்குள்ள செவிலியர் முறைப்படி சொட்டுப் பார்த்து, 22 யூனிட்டையும் முழுமையாகச் செலுத்தி, 10 வரை எண்ணி எடுக்கிறார். அன்றிரவு நோயாளி வியர்த்து, நடுங்கி, நினைவு தடுமாறுகிறார். குற்றம் மருந்தின் மீதோ செவிலியர் மீதோ சாட்டப்படுகிறது. அளவை உயர்த்துவதற்கு முன், "உங்கள் பேனாவைக் கொண்டுவந்து என் முன்னிலையில் ஒருமுறை போட்டுக்காட்டுங்கள்" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும்.

பெயர் விஷயத்தில் என் பரிந்துரை இது. 'காற்றை வெளியேற்றுதல்' என்பதை விடுத்துச் 'சொட்டுப் பார்த்தல்' என்று வழங்கலாம். எப்போது முடிகிறது என்பதும் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது: சொட்டைப் பார்த்தால் முடிந்தது, பாராவிடில் முடியவில்லை. இரண்டாவதற்குத் தாள்கள் 'ஊசியை 6 வினாடி பிடித்திருக்கவும்' என்று மட்டும் கட்டளையிடுகின்றன. '0 வந்த பிறகும் மருந்து ஊறிக்கொண்டிருக்கும். ஆகவே' என்னும் சொற்களை அதன்முன் சேர்ப்பதற்கு அரை வரி இடம் போதும்.