‘மறந்திருக்க மாட்டீங்க’ன்னு எழுதினா கோபமா?

லண்டன் பேராசிரியை ஒருவர், பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பில் அவரிடம் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெண், லிங்க்கோடு மெயில் போட்டுப் பத்து நாளாகிவிட்டது. பதில் இல்லை. இன்று தேதி 10. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 20.

நினைவூட்டலை அவள் முதலில் தமிழில்தான் யோசித்தாள். “மேடம், என் மெயில் பார்த்திருப்பீங்க. மறந்திருக்க மாட்டீங்க, இருந்தாலும் ஒரு ஞாபகத்துக்கு எழுதறேன். நேரம் கிடைக்கும்போது லெட்டர் அனுப்பி வைங்க.”

நம் காதுக்கு இது பதமான பேச்சு. அப்படியே ஆங்கிலமாக்கினால்தான் வம்பு.

‘மறந்திருக்க மாட்டீங்க’ என்பது நமக்கு மரியாதை. மறக்கிற ஆள் நீங்கள் இல்லை என்கிறோம். அதுவே ‘ஐ ஹோப் யூ ஹாவ் நாட் ஃபர்காட்டன்’ ஆகும்போது, ‘மறந்துட்டீங்க போல’ என்று குத்துகிறது. ‘பார்த்திருப்பீங்க’வில் இருக்கிற ‘ங்க’வுக்கு அங்கே இடமே இல்லை. மிஞ்சுவது வெறும் ‘யூ’. பார்த்தும் பதில் போடவில்லையே என்ற குற்றச்சாட்டாகிவிடும்.

கடைசி வரி நேர் எதிராகக் காலை வாரும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்றால் ‘சீக்கிரம்’ என்று நமக்குப் புரியும். ‘வென் யூ ஹாவ் டைம்’ என்றால் அவருக்கு அடுத்த மாதமும் சரிதான். முதல் பாதி முள், பின் பாதி பஞ்சு!

திருத்தும்போது அவள் செய்தது, ‘யூ’வில் தொடங்கும் வாக்கியங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தை எழுவாயாக்கியதுதான். ‘த ரெஃபரன்ஸ் லெட்டர் இஸ் ட்யூ ஆன் த ட்வென்டியத்’ என்று தொடங்கினாள். தேதிதான் அவசரத்தைச் சொல்கிறது, அவள் சொல்லவில்லை. அடுத்து, ‘வுட் இட் பி பாசிபிள் டு அப்லோடு இட் பை த செவன்டீன்த்?’ லிங்க் திறக்காமல் போனால் சரிசெய்ய மூன்று நாள் கையில் இருக்கும். நம் ‘ங்க’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘வுட்’, ‘குட்’ போன்ற சொற்களும் கேள்விக்குறியும் செய்கின்றன.

பிறகு ஒரு வரி சேர்த்தாள்: இப்போது வசதிப்படாவிட்டால் 13-ம் தேதிக்குள் சொன்னால் போதும், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன். தமிழில் ‘முடியலைன்னா சொல்லிடுங்க’ என்றால் முகம் சுளிப்பார்கள். ஆங்கிலத்தில் அது எதிராளிக்குத் திறந்துவிடும் கதவு, மரியாதை. சங்கடப்பட்டு மௌனமாக இருப்பவர்கூட ஒரு வரி பதில் போட்டுவிடலாம்.

புது மெயிலாக இல்லாமல் பழைய மெயிலுக்கே ‘ரிப்ளை’ போட்டாள். லிங்க்கை மறுபடி ஒட்டினாள். ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்ற தலைப்பை அழித்துவிட்டாள்; பில் கட்டச் சொல்லி வரும் மெயில்களிலும் அதே தலைப்புதானே!

13-ம் தேதியும் பதில் வராவிட்டால் மூன்றாவது மெயில் கிடையாது. கல்லூரித் துறைத் தலைவரிடம் 14-ம் தேதி காலையே நேரில் போய்க் கேட்பதாக இருக்கிறாள்.