நாடி நெஞ்சில் முட்டினால் போதுமா?

பாரிஸ் லாச்சப்பல் மண்டபங்களில் சுகாதாரக் கருத்தரங்கு வைத்தால் ஒரு வசனம் வராமல் போகாது. ‘பிள்ளைக்குத் தொண்டை நோ, கழுத்துப் பிடிப்பு எண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதேங்கோ. நாடி நெஞ்சில முட்டுதா எண்டு பாருங்கோ. முட்டினா ஒண்டுமில்லை, சுளுக்குத்தான்.’ பத்து வருடமாகக் கேட்கிறேன். சொல்பவர்கள் மாறினாலும் வசனம் மாறுவதில்லை. கடைசியாகச் சொன்னவர் அதைச் சொல்லிவிட்டுத் தன் நாடியையே நெஞ்சில் முட்டிக் காட்டினார். சபை கைதட்டியது. ஐம்பது வயதுக்காரருக்கு மூளைக்காய்ச்சல் இல்லை என்பது அன்று ஐயமற நிரூபணமானது.

அந்தச் சோதனை மூளைக்காய்ச்சலை நினைத்துச் செய்வது. அதற்கே அதை முழுதாக நம்ப முடியாது, கைக்குழந்தைகளில் சுத்தமாக நம்ப முடியாது. அது கிடக்கட்டும். எனக்குக் கோபம் வேறு.

தொண்டையின் பின்சுவருக்கும் முள்ளந்தண்டுக்கும் நடுவே சின்னப் பிள்ளைகளுக்கு நிணநீர்க் கணுக்கள் உண்டு. பாரிஸ் உடற்கூற்றியல் பேராசிரியர் ஆன்றி ரூவியேரின் பெயராலேயே அவற்றைச் சொல்வார்கள். நாலைந்து வயதுக்குப் பிறகு அவை சுருங்கிப் போகும். அதற்கு முன் தடிமனோ தொண்டை அழற்சியோ வந்தால் கிருமி அங்கே இறங்கிச் சீழ் பிடிக்கலாம். அப்போது கழுத்தின் முன்பக்கம், முள்ளந்தண்டை ஒட்டி, ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது. குனிந்தால் அந்தப் பக்கம் தளரும், அண்ணாந்தால் இழுபடும். ஆகவே பிள்ளை குனியும், நாடியும் நெஞ்சில் முட்டும். மேலே பார்க்கத்தான் மாட்டாது. பேச்சாளரின் சோதனையில் முதல் வகுப்பில் தேறிவிட்டு, உள்ளே சீழோடு வீட்டுக்குப் போகும்.

2003இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இந்தக் கட்டி வந்த 64 பிள்ளைகளின் கணக்கு இருக்கிறது. கழுத்தை நிமிர்த்த முடியாதவர்கள் 45 சதவீதம். குனிய முடியாதவர்கள் 12.5 சதவீதம் மட்டுமே. மூச்சில் சத்தம் கேட்கும் வரை பொறுக்கலாம் என்பவர்களுக்கும் அதில் பதில் உண்டு: மூச்சுத் திணறலோடு வந்தவர்கள் மிகச் சிலர். நிமிர்ந்து பார்க்க முடிந்தாலே தப்பித்தோம் என்றும் அந்தக் கணக்கு சொல்லவில்லை. இந்த நோயைத் தலையாட்டி முடிவு செய்ய முடியாது.

எங்கள் கட்டடத்துப் பையனுக்கு மூன்று வயது. இரண்டு நாள் தடிமன், மூன்றாம் நாள் 39 பாகைக் காய்ச்சல். கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் தோளோடு முழு உடம்பையும் திருப்பினான். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. சோறு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், வாயோரம் எச்சில். அம்மம்மா நாடிச் சோதனை செய்தார். முட்டியது. தைலம் எடுத்தார்.

மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் அவனைத் தொடவேயில்லை. தாயின் மடியிலேயே இருக்கவிட்டு, அவன் தலைக்கு மேலே சாவிக்கொத்தைக் குலுக்கினார். அவன் கண்கள் மட்டும் மேலே போயின. பிறகு முதுகை வளைத்து முழு உடம்போடு பின்னால் சாய்ந்தான், கழுத்து அசையவில்லை. சாய்வதைப் பார்த்ததும் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த ஸ்கானில் சீழ் தெரிந்தது. ஊசி வழி அமொக்சிசிலின்–கிளவுலானிக் அமிலம் கொடுத்தார்கள். சின்னக் கட்டியென்றால் பல சமயம் அதிலேயே கரையும். இவனுக்கு இரண்டு நாளிலும் காய்ச்சல் இறங்கவில்லை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாகவே கீறிச் சீழை எடுத்தார்கள். வெளியே ஒரு தழும்பும் இல்லை.

‘சுளுக்கு எடுத்தால் சரி’ என்கிற வாதத்துக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. தொண்டையில் தொற்று இருக்கும்போது கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்து, அந்த எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று திரும்பிப் பூட்டிக்கொள்வதுண்டு. கிறிசெல் நோய் என்பார்கள். அதையும் பார்த்தால் சாதாரணக் கழுத்துப் பிடிப்பு மாதிரித்தான் இருக்கும். அந்தக் கழுத்தைப் பிடித்து முறுக்குகிற கை எவ்வளவு ராசியான கையாக இருந்தாலும் தண்டுவடத்துக்கு அது தெரியாது.

‘அன்டிபயோட்டிக் எல்லாவற்றுக்கும் தேவையில்லை எண்டு பிரான்ஸ் அரசே சொல்லுது’ என்பது அடுத்தது. சொல்கிறதுதான், 2002இலிருந்து. சாதாரணத் தொண்டை நோவுக்குச் சொன்னது. தலையை அசைக்காத பிள்ளைக்கு அல்ல. ‘இபுப்ரோபேன் குடுத்தா நோ போயிடும்’ என்பதற்கு ஒரு வரி: சில தொற்றுகளை அது மோசமாக்கலாம் என்று பிரான்ஸின் மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2019இலேயே எச்சரித்துவிட்டது.

காய்ச்சலோடு தலையைத் திருப்ப மறுக்கிற பிள்ளையை அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். எச்சில் வழிந்தாலோ, குரல் அடைத்தாலோ, மூச்சு கஷ்டப்பட்டாலோ இலக்கம் 15. ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளை எப்படி உட்கார விரும்புகிறதோ அப்படியே மடியில் வைத்திருங்கள். படுக்கவைக்க வேண்டாம், கரண்டி விட்டுத் தொண்டையைப் பார்க்க வேண்டாம். நாடியையும் தொட வேண்டாம்.

பையன் வீடு திரும்பிய மறுவாரம் மண்டபத்தில் அடுத்த கருத்தரங்கு. பேச்சாளர் அதே வசனத்தைத் தொடங்கினார். பின்வரிசையில் அம்மம்மா எழுந்து, ‘தம்பி, மேல பாக்கச் சொல்லிப் பாத்தனீங்களோ?’ என்று கேட்டார்.